பிக்சல் போனில் ஆண்ட்ராய்டு பீட்டா: உள்ளே போகும் முன் வெளியே வரும் வழி

பீட்டாவில் சேர்ந்தால் எனக்கு என்னதான் கிடைக்கும்?

எல்லோருக்கும் வரப்போகும் சிஸ்டம் பதிப்பு உங்களுக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ முன்னால் வந்துவிடும். ஆண்ட்ராய்டு 16-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் முதல் பீட்டா 2025 ஜனவரியில் வந்தது. ஸ்டேபிள் எனப்படும் இறுதிப் பதிப்பு ஜூன் 10 அன்று வந்தது. நடுவில் ஏறக்குறைய ஐந்து மாதம்.

இங்கே நான் பேசுவது கூகுளின் பிக்சல் போன்களைப் பற்றி. ஆண்ட்ராய்டு 16 பீட்டாவுக்கு பிக்சல் 6 வரிசையும் அதற்குப் பிந்தைய போன்களும் தகுதி பெற்றிருந்தன. வேளச்சேரியில் எங்கள் வீட்டில் இரண்டு பிக்சல்கள் உண்டு. ஒன்றில் பீட்டா ஓடுகிறது, இன்னொன்றில் எப்போதும் ஸ்டேபிள்தான். அந்த இரண்டாவது போன் வீட்டில் இருப்பதால்தான் முதல் போனில் துணிந்து பீட்டா போடுகிறேன்.

புதிய ஆண்ட்ராய்டு எண் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆனால் பிக்சலுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பெரிய அப்டேட்டும் உண்டு. அதை க்யூபிஆர் என்பார்கள். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று அது சுற்றி வரும். அந்த அப்டேட்களுக்கும் தனித்தனியாகப் பீட்டா உண்டு. அதனால் ஒருமுறை சேர்ந்தால் ஒரு பீட்டா முடிந்ததும் அடுத்த பீட்டா, அது முடிந்ததும் அதற்கடுத்தது என்று வந்துகொண்டே இருக்கும். தானாக நிற்காது. கீழே நான் சொல்லப்போகும் சிக்கல் எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

சேர்வது எப்படி?

சேர்வது மிகச் சுலபம். போனில் எந்தக் கூகுள் கணக்கு இருக்கிறதோ அதே கணக்கில் நுழைந்து google.com/android/beta பக்கத்துக்குப் போங்கள். உங்கள் கணக்கில் உள்ள தகுதியான போன்கள் அங்கே வரிசையாகத் தெரியும். வேண்டிய போனின் கீழே Opt in அழுத்தி, எந்தப் பீட்டா என்று தேர்ந்தெடுத்து, நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால் பதிவு முடிந்தது. அதிகபட்சம் ஒரு நாளுக்குள் அப்டேட் வந்துவிடும். அவசரமென்றால் Settings > System > Software updates போய் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். அப்பாவின் போனிலும் உங்கள் கணக்கைப் போட்டு வைத்திருந்தால் அதுவும் பட்டியலில் வரும். மாடல் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

சேரும்போது போனில் இருப்பதெல்லாம் அழியுமா?

அழியாது. வழக்கமான அப்டேட் போலவே ஏறும். படங்கள், ஆப்கள், செய்திகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். அழிவது வெளியே வரும்போதுதான்.

வெளியே வரும்போது மட்டும் ஏன் எல்லாம் அழியணும்? பழைய பதிப்பைத் திரும்பப் போட்டால் போதாதா?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

புதிய சிஸ்டம் முதல்முறை ஆன் ஆகும்போதே உங்கள் தகவல்கள் சேமிக்கப்பட்டிருக்கும் வடிவத்தைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறது. தொடர்புகள், செய்திகள், அமைப்புகள் என்று ஒவ்வொன்றின் தரவுத்தளமும் புதிய அமைப்புக்குப் போய்விடும். பழைய சிஸ்டத்துக்கு அந்தப் புதிய வடிவத்தைப் படிக்கத் தெரியாது. இதை யாரும் எளிதில் ஊகித்துவிடலாம்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. உங்கள் போனின் சேமிப்பகம் முழுவதும் பூட்டப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் சாவிகளைப் போனுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சில்லு காக்கிறது. அந்தச் சாவி ஒவ்வொன்றும் சிஸ்டத்தின் பதிப்பு எண்ணோடும் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியோடும் பிணைக்கப்பட்டிருக்கும். சிஸ்டம் முன்னேறினால் சாவியும் அதோடு முன்னேறும். பின்னால் போனால் சாவி வேலை செய்யாது. வேண்டுமென்றேதான் இப்படிச் செய்திருக்கிறார்கள். போனைத் திருடியவர் ஓட்டை உள்ள ஒரு பழைய பதிப்பை ஏற்றி உங்கள் படங்களையும் செய்திகளையும் எடுத்துவிடக் கூடாது என்பதற்கான காவல் இது. நீங்களே உங்கள் போனைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோனாலும் அந்தக் காவல் உங்களையும் திருடனையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் பழையதற்குத் திரும்புவதென்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது ஒன்றுதான் வழி.

அப்படியானால் அழியாமல் வெளியே வர வழியே இல்லையா?

உண்டு. ஆனால் அது எப்போதும் திறந்திருக்கும் கதவு அல்ல.

நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் பீட்டாவின் ஸ்டேபிள் பதிப்பு வெளியாகி, அதை உங்கள் போனில் போட்டுவிட்டீர்கள் என்றால், அந்தக் கணத்தில் உங்கள் போன் ஊரில் உள்ள மற்ற பிக்சல்கள் மாதிரியே ஆகிவிடும். அடுத்த பீட்டா போனில் ஏறும் முன் Opt out அழுத்தினால் ஒன்றும் அழியாது. பின்னால் போக வேண்டிய தேவையே இல்லையே.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 2025-இல் நடந்ததைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 16-இன் கடைசிப் பீட்டா, அதாவது பீட்டா 4, ஏப்ரல் 17 அன்று வந்தது. ஸ்டேபிள் வந்தது ஜூன் 10. ஆனால் அதற்கும் மூன்று வாரம் முன்பே, மே 20 அன்று, அடுத்த சுற்றான க்யூபிஆர்1-இன் முதல் பீட்டா வந்துவிட்டது. பீட்டாவில் இருந்த எல்லோருடைய போனிலும் அது சாதாரண அப்டேட் மாதிரியே எட்டிப் பார்த்தது. புதுத் தோற்றம் வேறு, ஆசையாகத்தான் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு ஜூன் 10 அன்று வந்த ஸ்டேபிள் பயன்படவில்லை. அவர்களின் போன் அதைத் தாண்டிப் போய்விட்டது. அவர்களுக்கு அடுத்த கதவு க்யூபிஆர்1 ஸ்டேபிள் வந்த செப்டம்பர் 3 அன்றுதான். மூன்று மாதம் காத்திருப்பு.

செப்டம்பரிலும் அதே கதைதான். க்யூபிஆர்1 ஸ்டேபிள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே, ஆகஸ்ட் 20 அன்று, க்யூபிஆர்2 பீட்டா வந்துவிட்டது. அதைத் தொட்டவர்கள் டிசம்பர் 2 வரை உள்ளேதான் இருந்தார்கள்.

ஆக, விலக வேண்டுமென்று நினைப்பவர் கவனிக்க வேண்டிய நாள் ஸ்டேபிள் வெளியாகும் நாள் அல்ல. அதற்கும் முன்னால் அடுத்த சுற்றின் முதல் பீட்டா வந்து நிற்கும் நாள்தான். அது வரும்போது அப்டேட் திரையில் உள்ள விவரத்தைப் படியுங்கள். QPR என்ற சொல் புதிதாக வந்திருந்தாலோ, அதற்குப் பக்கத்தில் உள்ள எண் மாறியிருந்தாலோ அது அடுத்த சுற்று. அதைப் போடாமல் அப்படியே விட்டுவிட்டு, இணையப் பக்கத்தில் Opt out அழுத்திவிட்டு, ஸ்டேபிள் வரும்வரை பொறுத்திருங்கள். வந்ததும் அதைப் போட்டுக்கொள்ளலாம். போனில் இருப்பது அத்தனையும் பத்திரமாக இருக்கும்.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு சிறு விலை உண்டு. அந்த இரண்டு மூன்று வாரமும் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் வராது, இருக்கும் பீட்டாவிலேயே ஓட்ட வேண்டும். என் பார்வையில் அது கொடுக்கக்கூடிய விலைதான்.

Opt out அழுத்திட்டேன். மறுநாளே ஒரு அப்டேட் வந்திருக்கு. போடலாமா?

போடாதீர்கள். அதுதான் டவுன்கிரேட் அப்டேட், போனைத் துடைத்துப் பழைய ஸ்டேபிளுக்குக் கொண்டுபோவது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சித்தி மகன். பெரம்பூரில் இருக்கிறான், பிக்சல் 8 வைத்திருக்கிறான். நான் சொல்லித்தான் பீட்டாவில் சேர்ந்தான். எப்படிச் சேர்வது என்று சொன்ன நான், எப்படி விலகுவது என்று சொல்லவில்லை. 2025 மே மாதக் கடைசியில் பீட்டா 4-இல் இருந்தான். போதும் என்று முடிவு செய்து Opt out அழுத்திவிட்டான். அதுவரை அவன் செய்தது எல்லாம் சரி. மறுநாள் காலை அப்டேட் வந்திருப்பதாகப் போன் சொன்னது. ‘விலகிட்டோம், ஸ்டேபிள் வந்திருக்கு’ என்று நினைத்து நிறுவி, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். பத்து நிமிடத்தில் தம்பி மனைவியின் போனிலிருந்து எனக்கு அழைப்பு: “அண்ணா, புதுசா வாங்கின போன் மாதிரி மொழி கேக்குதுண்ணா.”

ஜூன் 10-க்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அந்த அறிவிப்பைத் தொடாமல் இருந்திருந்தால் ஒன்றும் போயிருக்காது. அவன் தப்பு என்று சொல்ல மாட்டேன். அப்டேட் வந்தால் போட வேண்டும் என்றுதான் நாம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

அப்டேட் திரையில் உள்ள விவரத்தில் எல்லாத் தகவலும் அழிக்கப்படும் என்ற எச்சரிக்கை இருக்கும். நிறுவும் பொத்தானுக்கு மேலே உள்ளதை முழுவதும் கீழே வரை உருட்டிப் படிப்பதுதான் இரண்டையும் வேறுபடுத்தும் வழி. கூடவே, Settings > About phone-இல் Build number-ஐ ஏழு முறை தட்டினால் திறக்கும் Developer options-க்குள் Automatic system updates என்று ஒன்று இருக்கும். அதை அணைத்து வைத்தால் போனை ரீஸ்டார்ட் செய்யும்போது அப்டேட் தானாக ஏறாது. காத்திருக்கும் காலத்தில் இது ஒரு நல்ல காவல். உங்கள் வங்கி ஆப் Developer options திறந்திருந்தாலே ஓட மறுக்கும் வகை என்றால் இதை விட்டுவிட்டு, கையால் கவனமாக இருங்கள்.

கூகுள் பேக்கப்தான் தினமும் ஓடுதே. அழிஞ்சா மீட்டுக்கலாமே?

தம்பியும் அன்று இதைத்தான் சொன்னான். அங்கேதான் இரண்டாவது அடி விழுந்தது.

புதிய ஆண்ட்ராய்டில் எடுத்த போன் பேக்கப்பை அதைவிடப் பழைய ஆண்ட்ராய்டு ஓடும் போனில் மீட்க முடியாது. அவன் பேக்கப் ஆண்ட்ராய்டு 16-இல் எடுத்தது. துடைத்தபின் போனில் இருந்தது ஆண்ட்ராய்டு 15. பேக்கப் கணக்கில் பத்திரமாக இருந்தும் அந்தப் போனுக்கு அது உதவவில்லை. ஆப் தகவல்கள், அமைப்புகள், அழைப்புப் பட்டியல் எல்லாம் அதோடு போயின.

போன் பேக்கப்போடு சேராமல் தனித்தனியாக இணையத்தில் இருப்பவை மட்டும் திரும்பி வந்தன. கூகுள் கணக்கில் இருந்த தொடர்புகள் வந்துவிட்டன. கூகுள் போட்டோஸில் ஏறியிருந்த படங்கள் வந்துவிட்டன. வாட்ஸ்அப் தன் பேக்கப்பைத் தானே கூகுள் கணக்கில் தனியாக வைக்கிறது, அதுவும் வந்தது. ஆனால் கணக்கின் 15 ஜிபி இலவச இடம் நிறைந்து போயிருந்ததால் அந்தப் பேக்கப் பிப்ரவரியோடு நின்றிருந்தது. மார்ச், ஏப்ரல், மே மாத உரையாடல்கள் போய்விட்டன. பாட்டி பேசியதைப் பதிந்து வைத்திருந்த இரண்டு ஒலிப்பதிவுகள் போனில் மட்டும்தான் இருந்தன. அவற்றை இனி யாராலும் கொண்டுவர முடியாது.

அதனால் பீட்டாவில் சேரும் முன்பே, ஆப் ஆப்பாகத் தனித்தனியாகப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் Settings > Chats > Chat backup திறந்து கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தது என்று படியுங்கள். தேதி இன்றையதாக இருக்க வேண்டும். கூகுள் போட்டோஸில் எந்தெந்த கோப்புறைகள் ஏறுகின்றன என்று பாருங்கள். கேமரா படங்கள் ஏறும், ஆனால் வாட்ஸ்அப் படங்களும் ஸ்கிரீன்ஷாட்களும் நீங்கள் சொன்னால்தான் ஏறும். ஒலிப்பதிவுகளையும் பதிவிறக்கிய கோப்புகளையும் ஒரு கேபிள் போட்டுக் கணினியில் நகலெடுத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

அப்புறம் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. துடைத்த போன் மீண்டும் ஆன் ஆனதும் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். நுழைய முயன்றால் ‘உங்கள் போனில் வந்திருக்கும் கேள்விக்கு ஆம் என்று அழுத்துங்கள்’ என்று சொல்லக்கூடும். அந்தப் போன்தான் கையில் வெறுமையாக இருக்கிறதே! தம்பிக்கு எஸ்எம்எஸ் வழியும் இருந்ததால் தப்பித்தான். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் Backup codes எடுத்தால் எட்டு இலக்க எண்கள் பத்து கிடைக்கும். அதைத் தாளில் அச்சடித்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற தளங்களுக்கான ஆறு இலக்க எண்களைக் காட்டும் ஆப் வைத்திருந்தால், அது கணக்கோடு இணைந்து சேமிக்கிறதா, போனில் மட்டும் சேமிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஜிபே, போன்பே, வங்கி ஆப்பெல்லாம் பீட்டாவில் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும், ஆனால் உறுதி கொடுக்க முடியாது. பிக்சலுக்கு வரும் பீட்டா பொதுவாகக் கூகுளின் சான்று பெற்றதாகவே வரும். ப்ளே ஸ்டோரில் Settings > About போனால் Play Protect certification என்ற இடத்தில் Device is certified என்று இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். அது இருந்தும்கூட, புதிய ஆண்ட்ராய்டு எண்ணை இன்னும் சோதிக்காத வங்கி ஆப் திறந்ததும் மூடிக்கொள்ளலாம். எனக்கே ஒருமுறை ஒரு வங்கியின் ஆப் மூன்று வாரம் திறக்கவில்லை. அந்த மூன்று வாரமும் வங்கி வேலையெல்லாம் மனைவியின் போனில்தான் நடந்தது.

போன் துடைக்கப்பட்டால் யுபிஐ பதிவு போய்விடும். உங்கள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பி மீண்டும் பதிய வேண்டும். யுபிஐ பின் போனில் இருப்பதில்லை, வங்கியிடம் இருக்கிறது, அதனால் அது போகாது. ஆனால் மறுபதிவு செய்த முதல் நாளில் அனுப்பும் தொகைக்கு வரம்பு விழலாம். அன்றைக்கென்று வீட்டு வாடகை அனுப்ப வைத்திருக்காதீர்கள்.

யுபிஐ லைட் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைச் செய்ய வேண்டும். அதில் 5,000 ரூபாய் வரை இருப்பு வைக்கலாம், அந்த இருப்பு குறிப்பிட்ட போனில் உள்ள ஆப்போடு கட்டப்பட்டது. போனைத் துடைக்கும் முன் லைட்டை மூடி, பணத்தை வங்கிக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். துடைத்தபின் அதைத் திரும்பப் பெறுவது புகார், காத்திருப்பு என்று நீளும்.

தினசரி உபயோகத்தில் என்ன ஆபத்து? பேட்டரி சீக்கிரம் தீரும், அவ்வளவுதானே?

பேட்டரி பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஒரு பவர் பேங்க் போதும். அழைப்புதான் என் கவலை.

இன்று நம் அழைப்புகள் பெரும்பாலும் 4ஜி வழியாகப் போகும் வோல்ட்இ மூலம்தான் நடக்கின்றன. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி வலையமைப்பே கிடையாது. பீட்டாவில் வோல்ட்இ பகுதியில் ஒரு பிழை வந்தால் ஜியோ சிம்மில் பின்வாங்க வேறு வழியில்லை. இணையம் ஓடும், வாட்ஸ்அப் ஓடும், ஆனால் சாதாரண அழைப்பு போகாது, வராது. திரையில் சிக்னல் முழுதாகத் தெரிவதால் நமக்கும் சந்தேகம் வராது. யாரோ ஒருவர் ‘உன் நம்பர் கிடைக்கவே இல்லை’ என்று சொல்லும்போதுதான் தெரியவரும். அதனால் ஒவ்வொரு பீட்டா அப்டேட் ஏறியதும் நான் செய்யும் முதல் வேலை, வீட்டில் உள்ள இன்னொரு போனிலிருந்து என் எண்ணை அழைத்து, எடுத்துப் பேசி, திரும்ப அழைத்துப் பார்ப்பது. ஒரு எஸ்எம்எஸ்ஸும் வரவழைத்துப் பார்ப்பேன், ஓடிபி எல்லாம் அதில்தானே வருகிறது. அடுத்த நாள் அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பேன்.

சென்னைக்காரர்களுக்கு நாள்காட்டியும் ஒரு விஷயம். ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும் சுற்று டிசம்பர் தொடக்கம் வரை ஓடுகிறது என்று மேலே பார்த்தோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தண்ணீர் சூழ்ந்த வீடுகளில் இருந்தவர்களுக்குப் போன் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். அந்தப் பக்கம் இருக்கிறீர்கள், வீட்டில் அது ஒன்றுதான் போன் என்றால், செப்டம்பர் ஸ்டேபிளோடு விலகிவிடுங்கள். ஜனவரிக்குப் பிறகு மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். வீட்டில் வயதானவர்கள் உங்கள் எண்ணை மட்டுமே நம்பி இருந்தாலும் அதேதான் சொல்வேன்.

அப்டேட் போட்டதும் போன் ஆன் ஆகவே இல்லைன்னா?

முதல் தடவையிலேயே ஆன் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் போன் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். பிக்சலில் சிஸ்டத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. புதியது ஒன்றில் ஏறும்போது பழையது மற்றொன்றில் அப்படியே இருக்கும். புதியது சில முயற்சிகளிலும் எழவில்லை என்றால் போன் பழையதற்கே திரும்பிவிடும். ஒருமுறை புதியது சரியாக எழுந்துவிட்டால் பிறகு அந்தத் திரும்பும் வழி கிடையாது.

நல்லபடி ஓடிக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் லோகோவிலேயே நின்றுவிட்டால், ரிச்சி தெருவில் உள்ள போன் கடைகளுக்கு ஓடும் முன் ஒன்றை முயன்று பாருங்கள். பவர் பொத்தானையும் வால்யூம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வரும். வால்யூம் பொத்தானால் Recovery mode-க்குப் போய்ப் பவரை அழுத்துங்கள். No command என்ற திரையில் பவரைப் பிடித்துக்கொண்டு வால்யூம் கூட்டும் பொத்தானை ஒருமுறை தட்டினால் மெனு திறக்கும். அதில் Apply update from ADB தேர்ந்தெடுங்கள். கூகுள் தன் தளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் ஓடிஏ எனப்படும் முழு அப்டேட் கோப்பை வைத்திருக்கிறது. உங்கள் மாடலுக்கான, இப்போது உள்ளதைவிடப் புதிய கோப்பை இறக்கி, adb என்ற கூகுளின் கட்டளைக் கருவி உள்ள கணினியைக் கேபிளில் இணைத்து அதிலிருந்து கொடுங்கள், ota.zip என்ற இடத்தில் நீங்கள் இறக்கிய கோப்பின் பெயர் வர வேண்டும்:

```
adb sideload ota.zip
```

இந்த வழியில் தகவல் அழியாது. ஆனால் பழைய கோப்பைக் கொடுத்தால் Update package is older than the current build என்று மறுத்துவிடும். எண் பெரிதாக இருப்பது போதாது, கோப்பு உருவான நாள் உங்கள் பீட்டாவுக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.

கடையில் ‘ஃபிளாஷ் பண்ணித் தரேன்’ என்று சொன்னால் முதலில் கேளுங்கள், தகவல் இருக்குமா போகுமா என்று. போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறந்து செய்யும் எந்த வழியும் போனைத் துடைக்கும். சில நேரங்களில் பழையதற்குப் போகவும் முடியாது. 2022 ஆகஸ்ட்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ மூன்றிலும் பூட்லோடரில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தார்கள். அந்த அப்டேட்டுக்குப் பிறகு அந்தப் போன்களில் ஆண்ட்ராய்டு 12-ஐத் திரும்ப ஏற்றுவதைப் போனே தடுத்தது.

கேனரின்னு ஒண்ணு இருக்கே, அது இன்னும் புதுசாமே?

புதுசுதான். 2025 ஜூலையில் தொடங்கினார்கள். ஆப் உருவாக்குகிறவர்கள் சோதிப்பதற்கான வழி அது, பீட்டா அளவுக்குக்கூடச் சோதிக்கப்பட்டிருக்காது. சிம் போட்டு உபயோகிக்கும் போனில் வேண்டாம்.

சாம்சங்கிலும் ஐபோனிலும் இதே கதைதானா?

அடிப்படை ஒன்றுதான், வழிகள் வேறு. சாம்சங்கில் Samsung Members ஆப் வழியாகச் சேர வேண்டும். நடுவில் பழையதற்குத் திரும்பினால் அங்கேயும் போன் துடைக்கப்படும். ஐபோனில் Settings > General > Software Update-க்குள் Beta Updates இருக்கும். அதை Off செய்துவிட்டு அடுத்த ஸ்டேபிளுக்குக் காத்திருந்தால் ஒன்றும் அழியாது. அவசரமாகத் திரும்ப வேண்டுமென்றால் கணினியில் இணைத்துத் துடைக்க வேண்டும். பீட்டாவில் எடுத்த பேக்கப்பைப் பழைய ஐஓஎஸ்ஸில் மீட்க முடியாது என்பதால், சேரும் முன்பே கணினியில் ஒரு பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் வாட்ச்சில் பீட்டா போட்டால் நீங்களாகப் பழையதற்குத் திரும்பவே முடியாது.

பிழை கண்டால் யாரிடம் சொல்வது?

பீட்டா ஏறியதும் போனில் Android Beta Feedback என்ற ஆப் வந்திருக்கும், அதில் எழுதுங்கள். ‘அழைப்பு வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பில்ட், எந்த சிம், வைஃபை ஆனில் இருந்ததா, எத்தனை மணிக்கு நடந்தது, என்ன செய்தால் மறுபடி நடக்கிறது என்று எழுதுங்கள். நடந்த சில நிமிடங்களுக்குள் அனுப்புவது நல்லது. போன் தன் நிகழ்வுப் பதிவுகளைச் சிறிது நேரமே வைத்திருக்கும், பிறகு புதியவை வந்து பழையவற்றை அழித்துவிடும்.

கூடவே இணைக்கப்படும் பக் ரிப்போர்ட்டில் உங்கள் ஆப்களின் பெயர்கள், வைஃபை பெயர், கணக்கு விவரங்கள் போன்றவை இருக்கலாம். அந்த ஆப் வழியாகக் கூகுளுக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாராவது ‘அந்த ஃபைலை அனுப்பு, பார்த்துச் சொல்றேன்’ என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். பிழையை வார்த்தையில் சொன்னாலே உதவ முடிந்தவர் உதவுவார்.